பஸ்ஸை நிறுத்தினாலும் லைன் நிற்கக் கூடாது: இரட்டை பஸ்ஸும் ஒன்றரை பிரேக்கரும்

தமிழ்நாட்டில் ஒரு 400/230 கிலோவோல்ட் துணைமின் நிலையத்துக்குப் புதிதாக வேலைக்குச் சேர்பவர், ஒரே வேலிக்குள் இரண்டு வகை யார்டுகளைப் பார்ப்பார். 400 பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றரை பிரேக்கர் அமைப்பு இருக்கும். 230 பக்கத்தில் இரட்டை பஸ் இருக்கும், பல இடங்களில் அதனுடன் ஒரு டிரான்ஸ்பர் பஸ்ஸும் சேர்ந்திருக்கும். இந்தியாவெங்கும் 400, 765 கிலோவோல்ட்டில் ஒன்றரை பிரேக்கரும் 220, 230 கிலோவோல்ட்டில் இரட்டை பஸ்ஸும்தான் வழக்கம்.

பராமரிப்பு நேரத்தில் மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொள்ள இரண்டுமே உதவுகின்றன. ஆனால் அவை அதைச் செய்யும் விதம் வேறு. இரட்டை பஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபீடரை ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது ஐசோலேட்டர். ஒன்றரை பிரேக்கரில் மாற்றும் வேலையே கிடையாது, பிரேக்கரைத் திறந்தால் போதும். ஐசோலேட்டருக்கு மின்வில்லை அணைக்கும் திறன் இல்லை, பிரேக்கருக்கு உண்டு. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருகிறது.

முதலில் எதை எண்ண வேண்டும்

ஆறு சர்க்யூட் உள்ள ஒரு யார்டை எடுத்துக்கொள்வோம்: நான்கு லைன், இரண்டு டிரான்ஸ்பார்மர்.

இரட்டை பஸ்ஸில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒரு பிரேக்கர். அதன் பஸ் பக்கத்தில் இரண்டு ஐசோலேட்டர்கள்: ஒன்று முதல் பஸ்ஸுக்கு (89ஏ), மற்றது இரண்டாம் பஸ்ஸுக்கு (89பி). லைன் பக்கத்தில் ஒன்று (89எல்). இயல்பு நிலையில் 89ஏ, 89பி இரண்டில் ஒன்றுதான் மூடியிருக்கும். இரண்டு பஸ்களையும் இணைக்க ஒரு பஸ் கப்ளர். ஆக மொத்தம் 7 பிரேக்கர், 20 ஐசோலேட்டர். டிரான்ஸ்பர் பஸ்ஸும் அதற்கொரு கப்ளரும் சேர்ந்தால் பிரேக்கர் 8 ஆகும்.

ஒன்றரை பிரேக்கரில் இரண்டு பஸ்களுக்கும் நடுவே மூன்று பிரேக்கர்கள் வரிசையாக நிற்கும். இந்த வரிசைக்கு யார்டில் ‘டயா’ என்று பெயர். பஸ் 1, மெயின் பிரேக்கர், அதன் பின் முதல் சர்க்யூட், நடுவில் டை பிரேக்கர், அதன் பின் இரண்டாம் சர்க்யூட், மறுபக்க மெயின் பிரேக்கர், பஸ் 2. இரண்டு சர்க்யூட்டுக்கு மூன்று பிரேக்கர், அதாவது ஆளுக்கு ஒன்றரை. பெயர் அப்படி வந்தது. ஆறு சர்க்யூட்டுக்கு மூன்று டயா, 9 பிரேக்கர். ஒவ்வொரு பிரேக்கருக்கும் இருபுறமும் ஐசோலேட்டர், சர்க்யூட்டுக்கு ஒன்று என்று டயாவுக்கு 8, மொத்தம் 24. இயல்பு நிலையில் 9 பிரேக்கரும் மூடியே இருக்கும். இதைப் பழகிக்கொள்ள வேண்டும்: இரட்டை பஸ்ஸில் ஒரு ஃபீடருக்கு ஒரு வழி, இங்கே எப்போதும் இரண்டு வழி.

இரட்டை பஸ்: ஒரு பஸ்ஸை வேலைக்கு விடுவிப்பது

230 யார்டில் பஸ் 1-இல் முதல் டிரான்ஸ்பார்மரும் ஏ, பி ஃபீடர்களும், பஸ் 2-இல் இரண்டாம் டிரான்ஸ்பார்மரும் சி, டி ஃபீடர்களும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பஸ் 1-இன் இன்சுலேட்டர்களை மாற்ற வேண்டும். எந்த ஃபீடரும் நிற்கக் கூடாது.

1. கப்ளரின் இருபுற ஐசோலேட்டர்களை மூடி, சின்க்ரோ செக் பார்த்து, கப்ளர் பிரேக்கரை மூடுங்கள். ஏற்கனவே மூடியிருந்தால் மீட்டரில் மின்னோட்டம் ஓடுகிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். விளக்கு மூடியதாகக் காட்டுவது மட்டும் போதாது. மூன்று ஃபேஸும் மூடியிருக்கிறதா என்பதே கேள்வி.

2. கப்ளரின் டிரிப் சப்ளையைத் துண்டியுங்கள். புதியவர்களுக்கு இந்தப் படி அச்சமூட்டும். பாதுகாப்பை நாமே எடுப்பதா என்று தோன்றும். காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

3. பஸ்பார் புரொடெக்‌ஷனை அந்த ரிலேவின் முறைப்படி மாற்று நிலைக்குக் கொண்டுவாருங்கள். பழைய ஹை இம்பீடன்ஸ் வகையில் அதைச் சேவையிலிருந்து எடுப்பார்கள். புதிய நியூமரிக்கல் வகை, ஒரு ஃபீடரின் இரு ஐசோலேட்டர்களும் மூடியதைக் கண்டதும் இரண்டு பஸ்களையும் தானாகவே ஒரே மண்டலமாக எடுத்துக்கொள்ளும்.

4. ஏ ஃபீடரின் 89பி-யை மூடுங்கள். ஆள் யார்டுக்குப் போய் மூன்று கம்பங்களையும் கண்ணால் பார்த்து, பிளேடு முழுதாக உட்கார்ந்திருப்பதைச் சொன்ன பிறகே 89ஏ-யைத் திறக்க வேண்டும்.

5. இதையே முதல் டிரான்ஸ்பார்மருக்கும், பிறகு பி ஃபீடருக்கும் செய்யுங்கள்.

6. பஸ் 1-இல் எதுவும் மிச்சமில்லை என்றால் கப்ளர் மின்னோட்டம் ஏறத்தாழ பூஜ்யமாக இருக்கும். இல்லையென்றால் எங்கோ ஒரு ஐசோலேட்டர் இன்னும் மூடியிருக்கிறது, நிறுத்தித் தேடுங்கள். பூஜ்யம் என்றால் டிரிப் சப்ளையைத் திரும்பக் கொடுத்து, கப்ளர் பிரேக்கரைத் திறந்து, அதன் ஐசோலேட்டர்களையும் திறவுங்கள்.

7. பஸ் 1 வோல்ட்மீட்டர் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விழுந்ததும் பஸ் பி.டி.யின் செகண்டரி எம்.சி.பி.யை ஆஃப் செய்து, யார்டில் வோல்டேஜ் இல்லை என்று சோதித்து, எர்த் சுவிட்சைப் போட்டு, வேலை செய்வதற்கான அனுமதியான எல்.சி. கொடுங்கள்.

இனி இரண்டாம் படிக்கு வருவோம். கப்ளர் மூடியிருக்கும்வரை இரண்டு பஸ்களும் ஒரே வோல்டேஜில் இருக்கின்றன. 89பி-யை மூடும்போது அதன் முனைகளுக்கு இடையே வித்தியாசம் மிகச் சிறியது. 89ஏ-யைத் திறக்கும்போது அதன் வழியாக ஓடிய மின்னோட்டம் 89பி, கப்ளர் வழியாக நகர்ந்துகொள்கிறது. ஐசோலேட்டர் உண்மையில் எதையும் துண்டிப்பதில்லை, பக்கத்து வழிக்குத் தள்ளிவிடுகிறது. நடுவில் கப்ளர் டிரிப் ஆகிவிட்டால் அந்தப் பக்கத்து வழி மறைந்துவிடும். இரண்டு பஸ்களுக்கும் இடையே ஓடிய முழு மின்னோட்டமும் அந்த ஒற்றை ஃபீடரின் இரு ஐசோலேட்டர்கள் வழியாகத்தான் போகும். அந்த நேரத்தில் ஒன்றைத் திறந்தால் வில் இழுத்துக்கொண்டு நீளும், அணையாது, அடுத்த ஃபேஸைத் தொடும். அப்போது இரண்டு பஸ்களும் சேர்ந்து போகும், கீழே நிற்பவரின் உயிருக்கும் ஆபத்து. கப்ளரை ‘திறக்க முடியாதது’ ஆக்குவது இதற்காகத்தான். ஐசோலேட்டர்களுக்கான ஐ.இ.சி. 62271-102 தரம், பஸ் மாற்றும் வேலைக்கென்று தனி மின்னோட்ட மதிப்பே வைத்திருக்கிறது: ஐசோலேட்டரின் இயல்பு மின்னோட்டத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் 1,600 ஆம்பியர். அந்தச் சோதனைக்கு உட்படாத ஐசோலேட்டரில் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

இதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. டிரிப் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் எந்த பஸ்ஸில் பழுது வந்தாலும் இரண்டும் போகும். எனவே மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டு தேநீருக்குப் போகக் கூடாது. மழை, இடி இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

ஃபீடர்களை எந்த வரிசையில் மாற்றுவது என்பதும் கணக்குப் பார்க்க வேண்டியது. முதல் டிரான்ஸ்பார்மர் பஸ் 1-க்கு 600 ஆம்பியர் தருகிறது, ஏ 350, பி 250 எடுக்கிறது என்று வைப்போம். (315 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் முழு மின்னோட்டம் 230 பக்கத்தில் சுமார் 790 ஆம்பியர், எனவே 600 என்பது சாதாரண சுமைதான்.) டிரான்ஸ்பார்மரை முதலில் மாற்றினால் ஏ, பி இரண்டின் 600 ஆம்பியரும் கப்ளர் வழியாகத் திரும்பி வர வேண்டும். ஏ-யை முதலில் மாற்றினால் கப்ளரில் 350, அடுத்து டிரான்ஸ்பார்மரை மாற்றினால் 250, கடைசியாக பி-யை மாற்றினால் பூஜ்யம். வேலை ஒன்றே, கப்ளர் தாங்கும் உச்சம் மட்டும் 600-இலிருந்து 350 ஆகக் குறைகிறது. தருவதையும் எடுப்பதையும் மாற்றி மாற்றி நகர்த்த வேண்டும் என்பதே இங்கே நடைமுறை.

எங்கே தவறு நடக்கிறது

அதிகம் தவறுவது நான்காம் படியில். 89பி-யின் மோட்டார் சுற்றி முடித்து, கன்ட்ரோல் ரூமில் ‘மூடியது’ என்று வந்துவிடும். ஆனால் இணைப்புக் கம்பி தளர்ந்த ஒரு கம்பம் மட்டும் பாதியில் நிற்கும். அந்த நம்பிக்கையில் 89ஏ-யைத் திறந்தால் அந்த ஒரு ஃபேஸின் சுமை மின்னோட்டம் முழுவதையும் ஐசோலேட்டர் துண்டிக்க வேண்டியிருக்கும். கண்ணால் பார்க்கச் சொல்வது சடங்கு அல்ல.

அடுத்தது, ஐசோலேட்டரின் துணைத் தொடர்புகள். எந்த ஃபீடர் எந்த பஸ்ஸில் இருக்கிறது என்பதை பஸ்பார் ரிலேவும் வோல்டேஜ் தேர்வு ரிலேவும் இவற்றை வைத்தே அறிகின்றன. ஒரு தொடர்பு சிக்கி நின்றால், ஓடும் பஸ் 2-இன் பி.டி. செகண்டரி, நிறுத்திய பஸ் 1-இன் பி.டி. செகண்டரியோடு இணைந்தே இருக்கும். அந்த பி.டி. தலைகீழாக வேலை செய்யும். 110 வோல்ட், சுமார் 2,000 மடங்காகி பஸ்ஸுக்கு ஏறப் பார்க்கும். பெரும்பாலும் எம்.சி.பி. டிரிப் ஆகி, ஓடும் ஃபீடர்களின் டிஸ்டன்ஸ் ரிலேக்கள் வோல்டேஜ் இழக்கும். இதன் அடையாளம் எளிது: கப்ளரைத் திறந்த பிறகும் ஏழாம் படியில் பஸ் 1 வோல்ட்மீட்டர் விழாமல் நின்றால், மீட்டர் பழுது என்று தட்டிப் பார்த்துவிட்டு நகர வேண்டாம். பின்னூட்டம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கரே வேலைக்கு வேண்டுமென்றால்

இங்கேதான் வெறும் இரட்டை பஸ்ஸின் குறை தெரியும். இரண்டு பஸ் இருந்தும் பிரேக்கர் ஒன்றுதான். அதை எடுத்தால் அந்த ஃபீடர் நிற்கும். இதற்காகவே டிரான்ஸ்பர் பஸ் வந்தது. டிரான்ஸ்பர் கப்ளரால் அந்த பஸ்ஸை ஒருமுறை சார்ஜ் செய்து நல்ல நிலையில் உள்ளதைப் பாருங்கள். பிறகு கப்ளரைத் திறந்து, ஃபீடரின் டிரான்ஸ்பர் ஐசோலேட்டரை (89டி) மூடி, மறுபடி கப்ளரை மூடுங்கள். இப்போது ஃபீடருக்கு இரண்டு பிரேக்கர் இணையாக இருக்கின்றன. மின்னோட்டம் இரண்டிலும் பகிர்வதை மீட்டரில் பார்த்துவிட்டு ஃபீடர் பிரேக்கரைத் திறந்து, இருபுற ஐசோலேட்டர்களையும் திறக்கலாம். இணைப்பதும் பிரிப்பதும் பிரேக்கரால் நடக்கும்படி இந்த வரிசை அமைந்திருக்கிறது.

மறக்கப்படுவது டிரிப் டிரான்ஸ்பர் சுவிட்ச். அதற்கு மூன்று நிலை: இயல்பு, இடைநிலை, மாற்று. கப்ளரை இணையாக மூடும் முன் இடைநிலை, அதாவது ரிலே இயங்கினால் இரண்டு பிரேக்கரும் டிரிப் ஆகும். ஃபீடர் பிரேக்கர் திறந்த பின் மாற்று நிலை. இயல்பிலேயே விட்டுவிட்டால், லைனில் பழுது வரும்போது ரிலே, யார்டில் எர்த் போட்டுக் கிடக்கும் பிரேக்கருக்கு டிரிப் அனுப்பும். ஓடும் கப்ளர் அசையாது. பழுதைத் தீர்க்க பின்காப்பு ரிலேக்கள்தான் வர வேண்டும், அவை பல ஃபீடர்களைக் கொண்டுபோகும். இன்னொன்றையும் யார்டில் நடந்து பார்த்துவிடுங்கள்: அந்த ஃபீடரின் சி.டி., டிரான்ஸ்பர் ஐசோலேட்டர் சேரும் புள்ளிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? பிரேக்கர் பக்கம் இருந்தால் மாற்றிய பிறகு அதில் மின்னோட்டமே இராது. ஃபீடரின் ரிலே குருடாகிவிடும், கப்ளரின் ரிலேவில் அந்த லைனுக்கான செட்டிங்கைப் போட்டாக வேண்டும்.

ஒன்றரை பிரேக்கர்: செய்வது குறைவு, யோசிப்பது அதிகம்

பஸ் 1-ஐ விடுவிக்க மூன்று டயாக்களின் பஸ் 1 மெயின் பிரேக்கர்களைத் திறக்க வேண்டும், அவற்றின் ஐசோலேட்டர்களைத் திறக்க வேண்டும், எர்த் போட வேண்டும். அவ்வளவுதான். ஆறு சர்க்யூட்டும் டை வழியாகவோ பஸ் 2 வழியாகவோ ஓடிக்கொண்டே இருக்கும். ஐசோலேட்டர் சுமையைத் தொடுவதே இல்லை. ஒரு மெயின் பிரேக்கரை எடுக்க அதை மட்டும் திறக்கலாம், டையை எடுக்க டையை மட்டும். திறக்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று: சர்க்யூட்டின் மற்ற பிரேக்கர் உண்மையில் மின்னோட்டம் சுமக்கிறதா என்பது. ஆட்டோ ரீக்ளோஸ் இருக்கும் லைனில், மெயின் எடுக்கப்பட்டால் முதலில் மூடும் பொறுப்பை டைக்கு மாற்ற வேண்டும்.

இங்கே யோசிக்க வேண்டியது, வேலை நடக்கும்போது இன்னொரு பழுது வந்தால் என்ன ஆகும் என்பது. முதல் டயாவில் பஸ் 1 பக்கம் லைன் ஏ, பஸ் 2 பக்கம் முதல் டிரான்ஸ்பார்மர் என்று வைப்போம். லைன் ஏ-யின் மெயின் பிரேக்கர் வேலையில் இருக்கிறது. லைன் ஏ-க்கு டை மட்டுமே வழி. இப்போது டிரான்ஸ்பார்மரில் பழுது வந்தால் அதன் மெயினும் டையும் திறக்கும். லைன் ஏ, எந்தத் தவறும் செய்யாமலே, இருட்டாகும். பஸ் 1 முழுவதும் வேலையில் இருக்கும்போது இது மூன்று டயாவுக்கும் பொருந்தும்: பஸ் 2 பக்கத்துச் சர்க்யூட்டில் பழுது வந்தால் பஸ் 1 பக்கத்து ஜோடியும் போகும். மறுபக்கம் பழுது வந்தால் ஜோடி தப்பிக்கும்.

அதனால்தான் ஒரே டயாவில் யாரை ஜோடி சேர்ப்பது என்பது வடிவமைப்பிலேயே தீர்மானிக்கப்படுகிறது. இரட்டை சர்க்யூட் லைனின் இரண்டு சர்க்யூட்டையும் ஒரே டயாவில் வைத்தால், ஒரு பிரேக்கர் வேலையில் இருக்கும்போது ஒரு பழுது இரண்டையும் எடுக்கும். இரண்டு டிரான்ஸ்பார்மரையும் ஒன்றாக வைத்தால் 230 பக்கமே படுத்துவிடும். மின்சாரம் கொண்டுவரும் லைனும் எடுத்துச்செல்லும் டிரான்ஸ்பார்மரும் ஜோடியாக இருந்தால் ஒரு பெரிய நன்மை கிடைக்கும்: பஸ் 1 வேலையில் இருக்கும்போதே பஸ் 2-இலும் பழுது வந்து எல்லா மெயின்களும் திறந்தாலும், டை மூடியே இருக்கும், லைன் டிரான்ஸ்பார்மருக்கு நேராக ஊட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பஸ்ஸும் இல்லாமல் மின்சாரம் போவது இரட்டை பஸ்ஸில் நினைத்துப் பார்க்க முடியாதது. இந்த ஒரு குணத்துக்காகவே 400 பக்கத்தில் கூடுதலாக இரண்டு பிரேக்கர் வாங்குவது தகும்.

லைனே வேலைக்குப் போனால் மெயினையும் டையையும் திறந்து, லைன் ஐசோலேட்டரைத் திறந்து, பிறகு அந்த இரண்டு பிரேக்கர்களையும் மறுபடி மூடி டயாவை முழுமையாக்குவார்கள். இல்லையென்றால் ஜோடி சர்க்யூட் ஒற்றை வழியில் தொங்கும். ஆனால் பிரேக்கர்களுக்கும் திறந்த ஐசோலேட்டருக்கும் நடுவே உயிரோடு ஒரு சிறு துண்டு மிஞ்சுகிறது. லைனின் சி.வி.டி. ஐசோலேட்டருக்கு வெளியே இருப்பதால் டிஸ்டன்ஸ் ரிலேவுக்கு இந்தத் துண்டின் வோல்டேஜ் தெரியாது. இதற்குத்தான் ஸ்டப் புரொடெக்‌ஷன். லைன் ஐசோலேட்டரின் துணைத் தொடர்பு அதை இயக்கத்தில் வைக்கிறது. பிரேக்கரை மூடும் முன் அது இயங்கியதாக ரிலே காட்டுகிறதா என்று பாருங்கள்.

சி.டி. கம்பிகள்: வழக்கத்துக்கு மாறான வரிசை

ஒன்றரை பிரேக்கரில் லைனின் மின்னோட்டம் இரண்டு சி.டி.களின் கூட்டுத்தொகை: மெயின் பக்கத்தது ஒன்று, டை பக்கத்தது ஒன்று. பல நிலையங்களில் இந்த இரண்டின் செகண்டரியும் வெளியே ஒன்றாகச் சேர்ந்து ஒரே ரிலேவுக்குப் போகும். மெயின் பிரேக்கரில் வேலை நடக்கும்போதும் அந்த ரிலே, டையின் சி.டி.யை வைத்து லைனைக் காத்துக்கொண்டிருக்கிறது. வேலைக்காரர்கள் மெயின் சி.டி.யில் சோதனை மின்னோட்டம் செலுத்தினால் ரிலே அதை லைன் மின்னோட்டம் என்றே எடுத்துக்கொண்டு, ஓடும் லைனை டிரிப் செய்யும். எனவே அந்த சி.டி.யைக் கூட்டிலிருந்து பிரிக்க வேண்டும்.

சி.டி. என்றாலே ‘முதலில் ஷார்ட் செய், பிறகு திற’ என்றுதான் எல்லோரும் படித்திருப்போம். மின்னோட்டம் ஓடும் சி.டி.க்கு அது உயிர்காக்கும் விதி. இங்கே நிலைமை வேறு. மெயின் பிரேக்கர் திறந்து, இருபுற ஐசோலேட்டரும் திறந்து, மெயின் சி.டி.யில் மின்னோட்டம் இல்லை. ஆனால் அதே முனைகளில் டை சி.டி.யின் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. இணைப்பைத் திறக்காமல் ஷார்ட் போட்டால், டை சி.டி.யின் மின்னோட்டமும் அந்த ஷார்ட் வழியாகத் திரும்பிவிடும். ரிலேவுக்குப் போகும் பங்கு குறையும். லைன் டிஃபரன்ஷியல் என்றால் உடனே வேண்டாத டிரிப், டிஸ்டன்ஸ் என்றால் பழுது வந்தும் காணாத ரிலே. எனவே பிரைமரி பூஜ்யம் என்று மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து உறுதி செய்த பிறகு, டெர்மினல் பிளாக்கில் ரிலே பக்கம் போகும் லிங்க்கை முதலில் திறவுங்கள். அதன் பின் சி.டி. பக்கத்தை மட்டும் ஷார்ட் செய்யுங்கள். நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்க வேண்டுமா என்பது எர்த் எங்கே கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வரைபடத்தில் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். ஓடும் பக்கத்தின் எர்த் போய்விடக் கூடாது.

திரும்பக் கொடுக்கும்போது இதன் தலைகீழ்: ஐசோலேட்டர்கள் இன்னும் திறந்திருக்கும்போதே ஷார்ட்டை எடுத்து, பிறகு லிங்க்கை மூட வேண்டும். எல்.சி. திரும்பி, எர்த் எடுத்து, ஐசோலேட்டர் மூடி, பிரேக்கரை மூடியதும் இரண்டு சி.டி.களின் கூட்டும் லைனின் மறுமுனை சொல்லும் மின்னோட்டமும் ஒத்துப்போகிறதா என்று ரிலே திரையில் பாருங்கள். மெயினும் டையும் சுமையைப் பகிர்ந்த பிறகு ஒரு ஃபேஸில் மட்டும் கூட்டு குறைவாக இருந்தால், அந்த ஃபேஸில் எடுக்க மறந்த ஷார்ட் ஒன்று டெர்மினல் பிளாக்கில் இருக்கிறது. அப்படித் தெரிந்தால் அங்கேயே கை வைக்காதீர்கள். இப்போது பிரைமரியில் மின்னோட்டம் ஓடுகிறது, எனவே மெயின் பிரேக்கரை மறுபடி திறந்து, ஐசோலேட்டர்களைத் திறந்து, அதன் பிறகே அந்த ஷார்ட்டை எடுக்க வேண்டும்.